தொண்டை கரகரப்பா? மூக்கைக் கவனியுங்கள்

சென்னையில் இரவு எட்டு மணி வாக்கில் எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். “அண்ணா, தொண்டை கரகரன்னு இருக்கு, ஏதாவது குடுங்க.” “காய்ச்சல், சளி இருக்கா?” “அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா, தொண்டை மட்டும்தான்.” சப்பிச் சாப்பிடும் மாத்திரை நாலு கிடைக்கும். சில கடைகளில் கேட்காமலே மூன்று நாள் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து வரும். வாரம் முடிந்ததும் கொஞ்சம் தேவலை போலத் தோன்றும். அடுத்த புதன்கிழமை மறுபடி அதே கடை, அதே பேச்சு.

காய்ச்சல் இல்லை, விழுங்கும்போது கூர்மையான வலி இல்லை, கழுத்தில் நெறி கட்டவில்லை, ஆனால் உறுத்தலும் வறட்சியும் வாரக்கணக்கில் போய்ப் போய் வருகிறது என்றால், அது பெரும்பாலும் கிருமி செய்யும் வேலை அல்ல. காற்று செய்யும் வேலை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். ஏசி காற்றையோ லாரிப் புகையையோ அது ஒன்றும் செய்யாது. அந்த மூன்று நாளில் குறைந்தது மருந்தால் அல்ல, நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையால்.

தொண்டைக்கு ஏன் இந்தக் கதி என்று புரிய, அதற்கு மேலே இருக்கும் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். நுரையீரலுக்குப் போகும் காற்று உடலின் சூட்டில், அதாவது 37 டிகிரியில், ஈரம் நிரம்பியதாக இருக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு மூக்குக்குள்ளேயே முடிந்துவிடும். மூக்கின் உட்சுவரில் சுருள் சுருளாக மடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரமான சளிப்படலம். காற்று அவற்றின் மேல் உரசிக்கொண்டு போகும்போது சூடேறும், ஈரமாகும், தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தூசியை நுண்முடிகள் சளியோடு சேர்த்துத் தொண்டைப் பக்கம் தள்ளிவிட, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

எவ்வளவு ஈரம் தேவைப்படுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். உட்கார்ந்த வேலையில் இருப்பவர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் லிட்டர் காற்றை இழுக்கிறார். அது நுரையீரலைச் சேரும்போது அதில் 44 கிராம் நீர் ஆவியாக இருக்கும். சென்னையின் புழுக்கமான மாலையில், 32 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில் 24 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. மீதி 20 கிராமை உடம்பு சேர்த்தால் போதும். அதே ஆள் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி அறையில் உட்கார்ந்தால் காற்றில் இருப்பது 11 கிராம்தான். மீதி 33 கிராமும் உடம்பிலிருந்து வர வேண்டும். காணாமல் போன ஈரம் எங்கே என்றால், ஏசியின் பின்னால் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான்.

இதை வைத்துக்கொண்டு ஏசி காற்று பாலைவனக் காற்று என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. நல்ல மூக்கு இந்தக் கூடுதல் வேலையைச் சமாளித்துவிடும். மூச்சை வெளியே விடும்போது கொஞ்சம் ஈரத்தைத் திரும்பவும் பிடித்து வைத்துக்கொள்ளும். வினை எப்போது வருகிறது என்றால், மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடும்போது. அப்போது வறண்ட காற்று பதம் ஆகாமல், வடிகட்டப்படாமல், நேராகத் தொண்டைச் சுவரில் மோதுகிறது. மூக்கு செய்ய வேண்டியதைத் தொண்டை செய்யப் போய்க் காய்ந்துவிடுகிறது. காய்ந்த படலத்தில் சளி கெட்டியாகும், நுண்முடிகள் சரியாக அசையாது. அந்த நிலையில் அந்தத் தொண்டையை எடுத்துக்கொண்டு மாலையில் ரோட்டில் இறங்குகிறோம்.

ரோட்டில் இருப்பது இரண்டு வகை. மெட்ரோ பள்ளம், மூடாமல் போகும் மணல் லாரி, ஓரத்தில் படிந்து ஒவ்வொரு வண்டிக்கும் எழும்பும் மண் ஆகியவற்றிலிருந்து வருவது பருந்தூசி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரானுக்கு மேலான தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; பல்லில் நறநறப்பதும் கைக்குட்டையில் கறுப்பாக வருவதும் இதுதான். இன்னொன்று புகை. டீசல் கரி இரண்டரை மைக்ரானைவிடச் சிறியது. தொண்டையில் நிற்காமல் நுரையீரலின் ஆழம் வரை போகும். கூடவே வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் தொண்டை நரம்புகளைச் சீண்டும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் வண்டிகள் பி.எஸ். 6 தரத்துக்கு மாறியதால் புது வண்டிகளின் புகை குறைந்திருக்கிறது. ஆனால் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. டயர் தேய்மானத்துக்கும் மண்ணுக்கும் எந்தப் பி.எஸ். தரமும் கிடையாது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: தொண்டை எரியவில்லை என்பதால் புகை உள்ளே போகவில்லை என்று அர்த்தமில்லை. எரிச்சலைத் தருவதில் பருந்தூசிக்குப் பெரிய பங்கு. உடம்பைக் கெடுப்பதில் நுண்தூசி அதைவிட மோசம்.

என் அக்கா மகன் ஒருவன் மேடவாக்கத்தில் இருந்து சிறுசேரிக்கு பைக்கில் போய் வருகிறான். சோழிங்கநல்லூர் வரை ஒரு மெட்ரோ தடத்தின் வேலை, அங்கிருந்து ஓ.எம்.ஆரில் இன்னொரு தடத்தின் வேலை. “மாமா, அந்த ரோடு என் தொண்டையை அரிச்சு எடுத்துடுச்சு” என்பான். பார்க்கிற யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவனை இரண்டு வாரம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். எழுந்ததும், ஆபீஸ் சேர்ந்ததும், ஆபீஸிலிருந்து கிளம்பும்போது, வீடு வந்ததும் என நான்கு வேளை, தொண்டைக்கு மதிப்பெண். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், பேச முடியாத அளவு என்றால் மூன்று. கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளலாம்.

குறித்ததைப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. மாலையில் வீடு வந்ததும் இரண்டு என்று இருந்தது உண்மைதான். ஆனால் மூன்று என்று எழுதியிருந்ததெல்லாம் காலையில் எழுந்ததும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மூன்று. முந்தின நாள் முழுக்க வண்டியையே எடுக்காதவனுக்கு ஞாயிறு காலையில் ரோடு எப்படித் தொண்டையைக் கெடுக்கும்? குற்றவாளி படுக்கையறைக்குள் இருந்தது.

போய்ப் பார்த்தோம். ஏசி 20 டிகிரியில், காற்று நேராகத் தலையணை மேல் விழும்படி. முன்மூடியைத் திறந்தால் வடிவலையில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் மூலையில் கொசுவத்திச் சுருள். சாதாரண ஸ்ப்லிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ஆகவே அந்தச் சுருள் விடும் புகை முழுவதும் விடிய விடிய அவனுக்குத்தான். ரோட்டுப் புகையைத் திட்டிக்கொண்டிருந்தவன் வீட்டுக்குள் தானே புகை போட்டுக்கொண்டிருந்தான். படுக்கை ஓரத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதால் இரவில் இரண்டு முறை எழுந்து குடிப்பானாம். வாயால் மூச்சு விடுகிறவர்களிடம் இது அடிக்கடி காணும் அடையாளம்.

அதைவிட முக்கியமானது தலையணைக்கு அடியில் கிடைத்தது: மூக்கில் விடும் சொட்டு மருந்து. மூக்கு அடைப்புக்கு என்று வாங்கி, மாதக்கணக்கில் தினமும் இரவு விட்டுக்கொண்டிருந்தான். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று பெயர் உள்ள இந்த மருந்துகள் மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். அந்தச் சுகத்துக்காகவே பழகிவிடுகிறார்கள். தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் இறங்கும்போது மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்தும் ஏறக்குறைய இதே மாதிரிக் குப்பியில்தான் வரும். அதில் சோடியம் குளோரைடு என்று மட்டும் போட்டிருக்கும். அதை எத்தனை நாள் வேண்டுமானாலும் விடலாம். வாங்கும்போது பெயரைப் படித்துப் பார்த்து வாங்குவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, தூசி ஒவ்வாமையால் மூக்குக்குள் வீக்கம், அதன் மேல் சொட்டு மருந்து செய்த வீக்கம் என்றார். அந்தச் சொட்டை நிறுத்திவிட்டு, ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றதும் அக்கா பதறினாள். மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறியது, பெரும்பாலும் அங்கேயே வேலை செய்வது என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இந்த ஸ்ப்ரே சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு “வேலைக்காகல” என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும் முறையும் உண்டு. வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அதே பக்கத்துக் கண்ணின் ஓரத்தைப் பார்க்கும்படி. நடுச்சுவரில் அடித்துக்கொண்டே இருந்தால் மூக்கில் ரத்தம் வரும்.

அறையிலும் சில மாற்றங்கள். ஏசி 26 டிகிரி, கூடவே மின்விசிறி மெதுவாக. காற்றைத் திருப்பும் தகடு கூரையைப் பார்த்து. வடிவலையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கொசுவத்திக்குப் பதில் வலை. படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைப்பது. அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாமே என்றாள், பலர் வைக்கிறார்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் கிண்ணத்திலிருந்து கிளம்பும் கொஞ்ச ஈரத்தையும் ஏசியே உறிஞ்சி வெளியே சொட்டவிட்டுவிடும். கிண்ணத்தால் கெடுதல் இல்லை, பலனும் அதிகம் இல்லை. அறையின் ஈரப்பதம் தெரிய வேண்டுமானால் சில நூறு ரூபாய்க்குச் சின்ன மீட்டர் கிடைக்கிறது. 40க்கும் 60க்கும் இடையில் காட்டினால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம்.

சில வாரங்களில் காலை மதிப்பெண் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே வந்தது. மாலை இரண்டு மட்டும் அப்படியே நின்றது. அதுதான் உண்மையில் ரோட்டின் பங்கு.

அதற்கு முகக்கவசம் தவிர வேறு நல்ல வழி இல்லை. கைக்குட்டையை ஈரமாக்கிக் கட்டிக்கொள்வது பருந்தூசியை ஓரளவு தடுக்கும்; புகையின் நுண்தூசிக்கு அது திறந்த வாசல். சாதாரண நீல நிற மாஸ்க்கும் கன்னத்து ஓரமாகக் காற்றை விட்டுவிடும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று போட்ட மாஸ்க்தான் நுண்தூசியைப் பிடிக்கும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி மடித்துவிட்டு, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று படுகிறது, கண்ணாடி மங்குகிறது என்றால் ஒழுகுகிறது என்று பொருள். அடர்ந்த தாடிக்கு மேல் போட்டால் ஓரம் ஒட்டாது. வாயுக்களை இந்த மாஸ்க் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர்க் கோடையில் இதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் போவது சுலபமில்லைதான். வேர்வையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு இழுக்கச் சிரமமாகி, மறுபடி வாயால் இழுக்கத் தொடங்குவோம். மாற்று ஒன்று பையில் இருப்பது நல்லது. நனைந்ததைக் கழுவக் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்ட மின்னேற்றம்தான் நுண்தூசியை இழுத்துப் பிடிக்கிறது, சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். காகித உறையில் தொங்கவிட்டு உலர்த்தி, அழுக்கோ தளர்வோ தெரியும்வரை சில நாள் போடலாம். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டால் பருந்தூசியும் முகத்தில் அடிக்கும் காற்றும் குறையும். அது வடிகட்டி அல்ல, தடுப்புதான்.

சிக்னலில் நிற்கும் இடமும் முக்கியம். புகைக்குழாயை விட்டு விலக விலகப் புகையின் அடர்த்தி வேகமாகக் குறையும். பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ நேர் பின்னால் ஒட்டி நிற்காமல், ஒரு வண்டி நீளம் விட்டு நிற்பது செலவில்லாத வைத்தியம். காரில் போகிறவர்கள் நெரிசலில் உட்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். ஆனால் மணிக்கணக்கில் அப்படியே விட்டால் கரியமில வாயு சேர்ந்து தூக்கமும் தலைபாரமும் வரும். நெரிசல் தாண்டியதும் வெளிக்காற்றை விட்டுவிட வேண்டும். காற்றின் தரம் தெரிந்துகொள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, மணலி போன்ற நிலையங்களின் குறியீடு வருகிறது. ஆனால் அது ஒரு பகுதியின் சராசரி. நீங்கள் நிற்கும் சிக்னலின் காற்று அதைவிட மோசமாகவே இருக்கும்.

வீடு வந்ததும் முகம் கழுவி, உப்புநீர்ச் சொட்டோ ஸ்ப்ரேயோ மூக்கில் விட்டுச் சிந்திவிட்டால், படிந்த தூசி தொண்டைக்கு இறங்கும் முன் வெளியேறும். வாய் கொப்பளிப்பது அதற்குப் பிறகு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. கண்ணீரின் உப்பளவுக்கு அது கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அதிகம் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். கொப்பளிக்கும் நீர் குரல்வளை வரை போகாது, ஆகவே இதமளிக்குமே தவிர எல்லாவற்றையும் சரிசெய்யாது. மூக்கை நிறைய நீர் விட்டுக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரோ கிணற்று நீரோ கூடவே கூடாது. அரிதாக என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் போகிறது.

தேன், சுக்குத் தண்ணீர், மிளகுப் பால் எல்லாம் இதமானவைதான், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள் ரத்த அழுத்தம் உள்ளவர்களானால் கவனமாக இருக்க வேண்டும். தினமும் நிறையச் சாப்பிட்டால் அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். புதினா மிட்டாய் தருவது குளிர்ச்சி என்ற உணர்வு மட்டுமே. இவற்றையெல்லாம்விட ஒரு கெட்ட பழக்கத்தை விடுவது பெரிய பலன் தரும்: செருமுவது. ஒவ்வொரு செருமலிலும் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன. அந்த எரிச்சல் மறுபடி செருமச் சொல்கிறது. செரும வேண்டும்போலத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள்.

உங்கள் மதிப்பெண் தாளில் பதினொரு மணிக்கு மேல் ஆபீஸில்தான் ஏறுகிறது என்றால், தலைக்கு மேல் காற்று விழும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கும் அப்படியா என்று கேளுங்கள். காலையில் கரகரப்போடு புளித்த ஏப்பமும், குரல் கம்மலும், இரவு பதினொன்றரைக்குப் பிரியாணியும் சேர்ந்திருந்தால் காரணம் காற்றே அல்ல, வயிற்று அமிலமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால், விழுங்க முடியாமல் போனால், சளியில் ரத்தம் வந்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், ஒரு பக்கத் தொண்டை வலி காதுவரை போனால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இரவில் இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போதே சத்தம் வந்து திணறினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், தூசி என்று நீங்களே முடிவுகட்டாமல் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.